பன்றி மேய்ப்பவனுக்கு அரச குருதி எதற்கு?

ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் இப்பதிவைச் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். அண்மையில் சிறுவர் கதை எழுதுவது பற்றிய பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டேன். “நாயகன் யாருடைய மகன் என்பதைக் கடைசியில் வெளிப்படுத்தாவிட்டால் மாயக்கதை முடிந்த கதையே ஆகாது” என்றார் உரையாற்றியவர். அவையில் பலரும் தலையாட்டினர். என்னால் ஆட்ட முடியவில்லை. இக்கருத்து தவறானது மட்டுமன்று, நம் மாணவர்களின் எழுத்தைக் கெடுப்பதும் ஆகும் என்பதே என் வாதம்.

மாயக்கதைகளில் ஆரூடம் ஒருவனைச் சுட்டும். “இவனே உலகைக் காப்பான்” என்று ஒரு பழைய ஏடோ கிழவியோ கூறிவிடும். அவன் வீரனாக இருந்தால் வியப்பில்லை. ஆகவே எழுத்தாளர்கள் அவனைச் சமையற்கட்டிலோ மாட்டுக் கொட்டிலிலோ வைத்து, “பாருங்கள், எளியவன்!” என்பார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன் தோளில் ஒரு மச்சம் தென்படும். தொலைந்துபோன இளவரசன் அவன்தான் என்று தெரியவரும். இதற்குப் பெயர் மரபை மீறுவதா? எளியவன் வேடத்தில் அரசனை அனுப்பிவிட்டு, எளியவன் வென்றான் என்று நம்மை நம்பவைக்கும் வேலை இது.

நமக்கும் இது புதிதன்று. பட்டத்து யானை மாலையோடு தெருவில் இறங்கி அரசனைத் தேடும் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கழுமலத்து யானை கருவூர்வரை சென்று கரிகாலனைத் தேடிக் கொணர்ந்ததாகச் சொல்வார்கள். கரிகாலன் யார்? இளஞ்சேட்சென்னியின் மகன். யானை ஆளைத் தேடவில்லை, குருதியைத் தேடியது.

ஹாரி பாட்டர் வரிசை சற்று நேர்மையானது. 2003-இல் வந்த ஐந்தாம் நூலில், ஆரூடம் இரண்டு சிறுவர்களுக்குப் பொருந்தக்கூடியது என்கிறார் தலைமையாசிரியர். மறதிக்காரனும் பயந்தவனுமான நெவில் அந்த இரண்டாமவன். பகைவன் ஹாரியைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியதால்தான் ஹாரி ஆரூடத்தின் நாயகன் ஆனான். நல்ல சிந்தனை. ஆயினும் ஹாரிக்கு வங்கியில் பொற்காசும், ஊரெல்லாம் புகழும், 2007-இல் வந்த கடைசி நூலில் பழம்பெரும் குடிவழியும் கிடைத்துவிடுகின்றன. பாதித் தொலைவு நடந்து நின்றுவிட்ட கதை என்றே நான் கொள்கிறேன்.

முழுத் தொலைவும் நடந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்சாண்டர் 1964 முதல் 1968 வரை எழுதிய பிரைடெயின் வரிசை, ஐந்து நூல்கள். உலகப் போர்க்காலத்தில் படைவீரராக வேல்சில் பயிற்சி பெற்றவர் அவர்; அந்நாட்டுப் பழங்கதைகளிலிருந்து பெயர்களையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நூலுக்கு 1969-இல் நியூபெரி விருது கிடைத்தது. நாயகன் பெயர் டாரன். அவனுடைய பதவி? உதவிப் பன்றி மேய்ப்பன். பன்றி மேய்ப்பன்கூட இல்லை, உதவியாள்!

இவ்வரிசையில் டிர்ன்வின் என்னும் வாள் ஒன்று வருகிறது. அதன் உறையில் பழைய எழுத்துகள் உள்ளன, சில தேய்ந்தும் உள்ளன. முதல் நூலில் இளவரசி ஐலான்வி அவற்றைப் படித்து, அரச குருதி உடையவர் மட்டுமே இவ்வாளை உருவலாம் என்று பொருள் சொல்கிறாள். டாரன் ஆபத்தில் அதை உருவ முயன்று அடிபட்டு விழுகிறான். ஆகா, இவன் எளியவன்தான் என்று நாமும் முடிவுசெய்கிறோம். ஐந்தாம் நூலில் அதே வாளை உருவுகிறான். அது தீயாய் எரிகிறது. இங்கே சாதாரண எழுத்தாளர் என்ன செய்வார்? “அப்படியானால் இவன் அரச குருதி!” என்பார். அலெக்சாண்டர் அவ்வாறு செய்யவில்லை. உறையின் எழுத்துகள் மீண்டும் சரியாகப் படிக்கப்படுகின்றன. அந்தச் சொல்லுக்கு ‘அரச குருதி’ என்பது பொருளன்று, ‘உயர்ந்த தகுதி’ என்பதே பொருள். முதல் நூலில் அவனிடம் அது இல்லை, ஐந்தாம் நூலில் உண்டு. ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததால் வாசகரும் நான்கு நூல்களாகத் தவறாகக் காத்திருந்தனர். மொழியாசிரியனான எனக்கு இதைவிட இனிய திருப்பம் வேறில்லை.

அந்தத் தகுதி எங்கே வந்தது என்பதற்கு நான்காம் நூலைப் படிக்க வேண்டும். ஐலான்வியை மணக்கத் தனக்குக் குலம் வேண்டும் என்று எண்ணிப் பெற்றோரைத் தேடிக் கிளம்புகிறான் டாரன். அதாவது, பட்டறையில் பேசியவர் கேட்ட கேள்வியையே நாயகனும் கேட்கிறான். கிரடோக் என்னும் ஏழை இடையன் “நான்தான் உன் தந்தை” என்கிறான். டாரன் மகிழவில்லை, வெட்கப்படுகிறான். கிரடோக் மலைப்பள்ளத்தில் விழுந்து கிடக்கும்போது, விட்டுப் போய்விட்டால் விடுதலை என்று ஒரு கணம் நினைக்கவும் செய்கிறான். பிறகு தன்னிடமிருந்த மந்திரக் கொம்பை ஊதி உதவியை அழைக்கிறான். அக்கொம்பில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் அழைப்பு. அதைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. கிரடோக் இறக்கும் முன் தான் தந்தை அல்லன் என்று ஒப்புக்கொள்கிறான். அதன்பின் டாரன் கொல்லனிடமும் நெசவாளியிடமும் குயவனிடமும் தொழில் கற்கிறான். வாள் அடிக்க வருகிறது, துணி நெய்ய வருகிறது. மண்பாண்டத் தொழிலின்மேல்தான் அவனுக்குப் பெருவிருப்பம். அதில்தான் அவனுக்குத் திறமை போதவில்லை. ஆரூடம் சுட்டிய நாயகனுக்கு ஒரு பானை ஒழுங்காக வரவில்லை என்று எழுதத் துணிவு வேண்டும்.

சரி, அவன் யாருடைய மகன்? கடைசியில் முதிய மந்திரவாதி டால்பென் சொல்கிறார்: போர் முடிந்த களத்தின் ஓரத்தில், மரங்களுக்கிடையே ஒரு கைக்குழந்தையைக் கண்டெடுத்தேன். உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒன்றாக மடிந்து கிடந்தனர். இன்னார் பிள்ளை என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. டால்பெனிடமிருந்த ஏடு, எந்தப் படிநிலையிலும் இல்லாத ஒருவன் அரியணை ஏறுவான் என்றது. அதனால்தான் அவர் அக்குழந்தையை எடுத்தார். அதுவும் உறுதியன்று. அந்த ஏடு முழுவதும் ‘ஒருவேளை’களால் ஆனது என்கிறார். பாம்பைக் கொன்றால், தீவாளைப் பெற்று இழந்தால், இன்ப நாட்டை விட்டுத் துன்ப நாட்டைத் தேர்ந்தால் மட்டுமே. கவனியுங்கள், டாரன் இம்மூன்றையும் முடித்த பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறான். சாவில்லா இன்ப நாட்டுக்குப் போக அழைப்பு வந்தபோதும், போரில் பாழான வயல்களைச் சீராக்கவும் முடியாமல் நின்ற கடற்சுவரைக் கட்டி முடிக்கவும் இங்கேயே இருக்கிறேன் என்று அவன் மறுத்துவிட்டான். முடி கிடைக்கும் என்று தெரிந்து அல்ல.

மறுப்பாளர் ஒருவர் கேட்கலாம்: எப்படியும் அரசனாகத்தானே ஆகிறான்? நியாயமான கேள்வி. கடற்சுவர் கட்டும் உதவிப் பன்றி மேய்ப்பனாகவே அவனை விட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஐலான்வியும் அவனோடு இருக்கத் தன் மந்திர ஆற்றலைத் துறக்க வேண்டியிருக்கிறது. அதுவும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் குலத்தை மட்டும் அவர் கடைசிவரை வெளிப்படுத்தவில்லை. பட்டறையில் பேசியவரின் அளவுகோலின்படி இக்கதை முடியாத கதை!

எனவே ஆசிரியர்களே, மாணவர் எழுதும் கற்பனைக் கட்டுரையில் ஏழைச் சிறுவன் இளவரசன் என்று தெரியவந்தால், அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டு மீண்டும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்தி இல்லாமல் அவன் ஏன் வென்றான் என்பதற்கு மாணவன் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். கொம்பை ஊதுவதுபோல ஏதாவது ஒன்று.