சீட்டு எடுத்தால் ஒரு ரூபாய் வட்டிதானா?

கூரம், காஞ்சிபுரம் பக்கத்துத் தறி வீடுகளிலும் சரி, நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் சரி, சீட்டு எடுத்தவர்கள் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு: "சீட்டுப் பணத்துக்கு ஒரு ரூபாய் வட்டிகூட ஆகாது." இது தவறான கணக்கு. இந்தத் தவறில் குடும்பங்களின் பணம் கரைகிறது.

ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், தவணை 5,000. முதல் பத்து மாதமும் தள்ளு 30,000 போகிறது. அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000. (1982-ஆம் ஆண்டுச் சட்டம் 5 சதவீதம் என்று வைத்திருந்த உச்சவரம்பு 2019-இல் 7 ஆகிவிட்டது.) மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்குக் கழிவு 1,250. எனவே மாதம் 3,750 கட்டினால் போதும். அடுத்த ஒன்பது மாதம் கழிவு 500, கடைசி மாதம் கழிவே இல்லை. மொத்தம் கட்டுவது 83,000.

ஐந்தாம் மாதம் எடுத்தவர் கையில் வந்தது 70,000. அதிகம் கட்டியது 13,000. எழுபதாயிரத்துக்கு இருபது மாதத்தில் 13,000 என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவுதானே என்கிறார்கள்.

அந்த எழுபதாயிரத்தில் ஐந்து தவணையாக அவரே கட்டிய 18,750 இருக்கிறதே! தன் பணத்துக்கு யாராவது வட்டி கட்டுவார்களா? பிறரிடமிருந்து வந்தது 51,250 மட்டும். அதுவும் பதினைந்து மாதம் முழுதாக அவரிடம் தங்குவதில்லை. ஆறாம் மாதத்திலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறார். பத்தாம் மாத முடிவில் 18,750 போய்விடுகிறது. குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி போட்டால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 80 காசுக்கு மேல் வருகிறது. மூன்று ரூபாய் வட்டிக்கு மிக அருகில்!

இதைவிட மோசமான கணக்கும் உண்டு. "கழிவே மொத்தம் 17,000 வந்தது, செலவு 13,000 போக நாலாயிரம் லாபம்" என்பார்கள். தவணையில் கழிவைக் கழித்துத்தான் 83,000 கட்டினோம். அதையே மறுபடி வரவில் எழுதுவது ஒரே பணத்தை இருமுறை எண்ணுவது. ஐந்தாம் மாதக் கழிவு 1,250 வேறெங்கிருந்தும் வரவில்லை, அவரே தள்ளிய முப்பதாயிரத்தின் துண்டு அது.

கந்துவட்டிக்காரர் வாசலைத் தவிர வேறு வழியில்லாதவருக்குச் சீட்டு நல்ல துணைதான், மறுக்கவில்லை. ஆனால் நெசவாளர் முத்ரா கடன் ஆண்டுக்கு 6 சதவீதத்தில், அதாவது மாதம் அரை ரூபாய் வட்டியில் கிடைக்கும் தகுதியுள்ளவர், பாவு நூலுக்கும் சரிகைக்கும் முப்பதாயிரம் தள்ளிச் சீட்டு எடுப்பது வீண் இழப்பு.

அடுத்த ஏலத்தில் தொகை கேட்கும் முன் பாஸ்புக்கைத் திறந்து, இதுவரை கட்டியதைக் கையில் வரப்போகும் தொகையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்கும் கடன். வட்டியை அதற்குப் போட்டுப் பாருங்கள்.