நீர் மாத்திரையும் இரண்டாவது வார ரத்தப் பரிசோதனையும்

"நீர் மாத்திரைதானே, லேசானது. கால் இழுத்தால் தண்ணியை நிறையக் குடி, இளநீர் குடி, சரியாப் போயிடும். ரத்தப் பரிசோதனை எல்லாம் லேப்காரன் பிழைக்க." காட்டூர் மருந்துக்கடை வாசலில் கேட்கிற இந்தப் பேச்சில் மூன்று தப்புகள் இருக்கின்றன.

முதல் தப்பு பெயரிலேயே இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகிய இந்த வகை மாத்திரைகள் வெளியேற்றுவது முதலில் உப்பை. சிறுநீரகக் குழாயின் பின்பகுதியில் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று உண்டு. மாத்திரை அதை அடைக்கிறது. குழாயிலேயே தங்கிய உப்பு கீழே போகும்போது பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழக்க வைக்கிறது. சிறுநீர் நீர்த்துப்போவதற்கும் அந்த இடம் உதவுகிறது. அது நடக்காவிட்டால், குடித்த தண்ணீரில் மிகுந்ததைச் சிறுநீரகத்தால் முழுசாக வெளியே தள்ள முடியாது.

எனவே "நிறையக் குடி" என்ற யோசனை எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். எழுபது தாண்டிய, நாற்பது கிலோ எடையுள்ள ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். மாத்திரை தொடங்கி எட்டாம் நாள் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கத்திரி வெயில் வேறு, தண்ணீர் மூன்று நான்கு லிட்டர் குடிக்கிறார். பதினோராம் நாள் குமட்டல், தள்ளாட்டம், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். வயசாச்சு என்கிறார்கள் வீட்டார். ரத்த அழுத்தமோ அருமையாக இறங்கியிருக்கிறது. 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய சோடியம் 118 என்று வருகிறது. இந்த அளவில் வலிப்பு வரலாம். அவசரமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து. மருத்துவமனையில் மெல்லத்தான் ஏற்றுவார்கள்.

இளநீர்? அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். சோடியம் குறைந்தவருக்கு அது உதவாது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கோ, டெல்மிசார்டான் சேர்த்துச் சாப்பிடுபவருக்கோ பொட்டாசியம் எல்லை மீறலாம்.

கால் இழுப்பும் நம்பகமான அடையாளமல்ல. சோடியமும் பொட்டாசியமும் சரியாக இருந்தும் கால் இழுக்கும். இழுக்காமலே சோடியம் விழும். பொட்டாசியம் 3-க்குக் கீழே போனால் தசை தளர்ச்சியோடு இதயத் துடிப்பும் தடுமாறலாம். அதையும் உணர்வை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் ரத்தப் பரிசோதனை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வாசலுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அழுத்தக் கருவிக்குச் சோடியம் தெரியாது. தொடங்கும் முன் ஒரு முறை, ஓரிரு வாரத்தில் ஒரு முறை, அளவைக் கூட்டினால் மறுபடி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கவேண்டும். சோடியம் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே விழுகிறது என்பதால் இரண்டாவது பரிசோதனைதான் முக்கியம்.

மாத்திரை கெட்டதல்ல, பக்கவாதத்தைத் தடுப்பதில் அதற்கு நல்ல பெயர். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் குழப்பம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். கடைசியாக எப்போது சோடியம் பார்த்தோம் என்று அட்டையோடு போய் மருத்துவரைக் கேளுங்கள்.