சிப்காட் வாசலில் அசல் சான்றிதழை வாங்கி வைக்க வேண்டாம்: டிஜிலாக்கர் ஆவணங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

வேலைக்குச் சேர வருகிறவரிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஐடிஐ சான்றிதழையும் அசலாகக் கேட்டு, சரிபார்த்த பிறகும் திருப்பித் தராமல் கோப்பில் வைத்துக்கொள்ளும் வழக்கம் தொழிற்பேட்டைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒப்பந்ததாரர் மூலம் ஆள் எடுக்கும் இடங்களில் இது கூடுதல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இதற்கு விலக்கல்ல. சரிபார்ப்பதற்காக என்று வாங்கப்படும் தாள், தொழிலாளி வேறு வேலைக்குப் போகாமல் பிடித்துவைக்கும் பிணையாக மாறிவிடுகிறது. அரசின் டிஜிலாக்கரில், வழங்கிய அலுவலகமே நேரடியாகச் சேர்த்த ஆவணம் அசலுக்கு இணையானது. அதைச் சரிபார்த்த பிறகு காகித அசலைக் கேட்கவோ வைத்துக்கொள்ளவோ எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

இதற்கான சட்ட அடிப்படை தெளிவாக இருக்கிறது, அதன் எல்லையும் அப்படியே. 2016-இல் வந்த டிஜிட்டல் லாக்கர் விதிகளில் 2017 பிப்ரவரியில் 9ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. வழங்குபவர் மின்கையொப்பமிட்டு லாக்கரில் சேர்த்த ஆவணத்தைப் பெறுபவர் காகித ஆவணத்துக்கு இணையாக ஏற்கலாம் என்கிறது அது. அந்த ஆவணத்தை அதற்குரிய யூஆர்ஐ எனும் இணைப்பு எண் வழியே பெறுபவர் எடுத்துப் பார்த்தால், வழங்கிய அலுவலகமே நேரடியாகத் தந்ததாகக் கருதப்படும் என்றும் சொல்கிறது. இரண்டாவது பகுதியை நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம். சான்றின் நம்பகத்தன்மைக்கு தொழிலாளியின் கையில் உள்ள தாள் இனித் தேவையில்லை. முதல் பகுதியில் உள்ள 'ஏற்கலாம்' என்ற சொல்தான் ஓட்டை. தனியார் நிறுவனம் ஏற்றே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. போக்குவரத்தில் இப்படி இல்லை. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு, ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் மின்னணு வடிவில் காட்டுவது சட்டப்படி செல்லும். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச் சாவடியில் லாரி ஓட்டுநரின் கைபேசியைப் பார்த்தாலே போதும் என்கிற அரசு, அதே லாரி சரக்கு இறக்கும் ஆலை வாசலில் மட்டும் தாள் இருந்தால்தான் ஆள் உள்ளே வரலாம் என்ற நிலையை விட்டுவைத்திருப்பது பொருந்தாது.

ஆனால் லாக்கரில் இருக்கிறது என்பதற்காக எல்லாமே அசலாகிவிடாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல தகராறுகள் வருகின்றன. செயலியில் 'Issued' என்ற பகுதியில் இருப்பது, தேர்வுத் துறையோ பயிற்சித் துறையோ தம் பதிவேட்டிலிருந்து தந்தது. 'Drive' என்ற பகுதியில் இருப்பது, உரியவர் தாமே படமெடுத்து ஏற்றியது. அது ஒரு ஜெராக்ஸ் நகலுக்குச் சமம், 9ஏ விதி அதற்குப் பொருந்தாது. 'Issued' பகுதியிலிருந்து இறக்கிய பிடிஎப் கோப்பையும் அச்சிட்டால் அதிலுள்ள மின்கையொப்பத்தைச் சோதிக்க முடியாமல் போகிறது. எஞ்சுவது கியூஆர் குறியீடு இருந்தால் அது மட்டும்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்த மதிப்பும் இல்லை. இன்னொரு சிக்கல், கணினியில் பிடிஎப்பைத் திறந்ததும் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வருவது. இதைப் பார்த்துப் போலி என்று தள்ளுவது தவறு. கையொப்பத்துக்குச் சான்றளித்த இந்திய அமைப்பின் வேர்ச்சான்றை, பிடிஎப்பைத் திறக்கும் மென்பொருள் இன்னும் நம்பகமானதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருள். அதைச் சேர்த்துவிட்டுச் சரிபார்த்தால் குறி பச்சையாகும். கோப்பைத் திருத்தியிருந்தால் அப்போதும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

போலிச் சான்றிதழ் பயமே நிறுவனங்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம். அந்தப் பயம் நியாயமானது. தகுதியில்லாத ஒருவரைக் கிரேன் இயக்கவோ கொதிகலன் அருகிலோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தப் பயத்துக்குக் காகிதம் எப்படி மருந்தாகும்? லேமினேட் செய்த ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்ப்பவர், அது உண்மையா என்று தேர்வுத் துறையிடம் கேட்பதில்லை. யூஆர்ஐ வழியே எடுப்பவரோ துறையின் பதிவையே பார்க்கிறார். போலியை வடிகட்டுவதுதான் நோக்கம் என்றால் லாக்கர் ஆவணமே வலுவான சோதனை. வைத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால் அதற்குச் சட்ட ஆதரவு இல்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. மாணவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, படித்து முடித்து ஆலைக்குள் வந்ததும் ஏன் நின்றுபோக வேண்டும்?

எங்களுக்கு உண்மையில் கவலை தரும் ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. லாக்கர் எல்லோருக்கும் திறக்கவில்லை. ஒருவரின் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் 'மாரிமுத்து கே' என்றும், ஆதாரில் தந்தை பெயரை விரித்து 'மாரிமுத்து குப்புசாமி' என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவெண்ணையும் தேர்ச்சி ஆண்டையும் சரியாகக் கொடுத்தாலும், பெயர் பொருந்தவில்லை என்று ஆவணம் வராமல் போகலாம். குடும்பப் பெயர் இல்லாமல் முன்னெழுத்தோடு வாழும் தமிழர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். இதைத் தொழிலாளி ஏமாற்றுகிறார் என்பதற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. பழைய ஆண்டுப் பதிவுகள் எல்லாமே மின்மயமாகிவிடவும் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் சிம் கார்டை மாற்றியிருந்தால், ஓடிபி செயலிழந்த பழைய எண்ணுக்கே போகும். ஆகவே லாக்கர் இருப்பவரிடம் தாள் கேட்கக் கூடாது என்கிற நாங்கள், லாக்கர் இல்லாதவரிடம் அதைக் கட்டாயமாக்கவும் கூடாது என்கிறோம். தாளைக் கொண்டுவருபவருக்கு அதே மணி நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாளுக்குப் பதிலாகக் கைபேசியையும் ஆறு இலக்க பின் எண்ணையும் ஒப்பந்ததாரர் வாங்கிக்கொண்டால், பழைய பிணையே புது வடிவில் வரும். இந்த முறை அது இன்னும் மோசமானது, ஒரே எண்ணில் ஆதார், பான், வருங்கால வைப்பு நிதி விவரம் என்று எல்லாம் திறந்துவிடும். உரியவரின் ஒப்புதல் பெற்று, தேவைப்படும் ஒரே ஆவணத்தை மட்டும் நிறுவனம் தன் கணக்கு வழியே எடுப்பதே விதி எதிர்பார்க்கும் முறை. பின் எண்ணைக் கேட்பவர் யாராக இருந்தாலும் தொழிலாளி மறுக்க வேண்டும். மறுத்ததற்காக வேலையை மறுப்பதைத் தொழிலாளர் துறை முறையீடாக ஏற்க வேண்டும்.

ஆகவே தமிழ்நாடு அரசு ஓர் ஆணை மூலம் சிப்காட் வளாக நிறுவனங்களும் அவற்றின் ஒப்பந்ததாரர்களும் 9ஏ விதியின் 'ஏற்கலாம்' என்பதை 'ஏற்க வேண்டும்' என்று நடைமுறைப்படுத்தச் செய்ய வேண்டும். ஐம்பது பேரை வேலைக்கு வைத்திருக்கும் சிறு ஒப்பந்ததாரருக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. கையொப்பமிட்ட பிடிஎப்பைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவரும், சரிபார்த்த நாளையும் யூஆர்ஐயையும் எழுதும் ஒரு பதிவேடும் போதும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களின் இ-சேவை மையங்களில் ஆதார் பெயர்த் திருத்தத்துக்கும் கைபேசி எண் மாற்றத்துக்கும் வார இறுதியிலும் ஆள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஷிப்டில் வேலை செய்பவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க முடியாது. ஏற்கெனவே நிறுவனக் கோப்புகளில் கிடக்கும் அசல் சான்றிதழ்களைப் பட்டியலிட்டு, உரியவரின் கையொப்பம் பெற்றுத் திருப்பித் தர மூன்று மாதக் கெடு போதுமானது. வேலையை விட்டுப் போய்விட்டவர்களின் சான்றிதழ்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவர்கள் கொடுத்த ஊர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.