நீலப் புள்ளி தடுமாறினால்...

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர்ப் பக்கமாகத் திரும்பி நிற்கிறீர்கள். கடல் உங்கள் இடது கைப்பக்கம். ஆனால் கைபேசி வரைபடத்திலோ, நீலப் புள்ளியிலிருந்து விழும் ஒளிக்கற்றை நேராகக் கடலைக் காட்டுகிறது! அதை நம்பி நடந்தால் போக வேண்டிய தெரு பின்தங்கிவிடும்.

கைபேசிக்குள் ஒரு குட்டித் திசைகாட்டி இருக்கிறது. உறையில் காந்தப் பூட்டு இருந்தால் போதும், அதற்குத் தலை சுற்றிவிடும். வண்டியின் இரும்பும் அப்படியே. உறையைக் கழற்றுங்கள். வண்டியை விட்டுத் தள்ளி நின்று, கைபேசியால் காற்றில் 8 என்று சில தடவை எழுதுங்கள். அகன்றிருந்த கற்றை குறுகினால் திசைகாட்டி தெளிந்துவிட்டது என்று பொருள். கடலூர்ச் சாலையை நோக்கிப் பிடித்துச் சரிபாருங்கள்.

புள்ளியே இடம் விட்டு இடம் தாவுகிறதா? அது வேறு வியாதி. 8 எழுதிப் பயனில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்புவதால் வருவது அது. புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிந்தால், அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘Improve Location Accuracy’, ஐபோனில் ‘Precise Location’ என்பதை இயக்கிவிட்டு, வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள்; வட்டம் சுருங்கும்.

திறந்த வெளியிலும் ஐந்தாறு மீட்டர் பிசகு இருக்கத்தான் செய்யும். தெருவைப் புள்ளியிடம் கேளுங்கள். வாசலைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்!