வைஃபை போனால் அடுப்பைத் திட்டலாமா?

"இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டாலே வைஃபை போய்விடுகிறது சார்" என்று எங்கள் குடியிருப்பில் பலர் சொல்கிறார்கள். அறுவது வைஃபையா, வேறு ஏதாவதா என்று பார்க்காமல் புது ரவுட்டர் வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

அடுப்பின் சுருள் நொடிக்குச் சில பத்தாயிரம் தடவைதான் அதிர்கிறது. வைஃபையோ 240 கோடி தடவைக்கு மேல். இரண்டும் நேராக மோத வாய்ப்பு மிகக் குறைவு. மைக்ரோவேவ் அவன் வேறு கதை, அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பாதையிலேயே ஓடுகிறது. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் போதும். அடுப்பு தொல்லை கொடுத்தால், பெரும்பாலும் கரண்ட் ஒயர் வழியாகத்தான் கொடுக்கும்.

எதிர் வீட்டில் அப்படித்தான். 2000 வாட் அடுப்பும் ரவுட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். 230 வோல்ட்டில் அந்த அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். முழு வேகத்தில் வைத்ததும் ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன. பிளக் தொட்டால் சுட்டது. வோல்டேஜ் இறங்கி ரவுட்டரே மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அடுப்பை 16 ஆம்பியர் பாயிண்டுக்கும் ரவுட்டரை ஹாலுக்கும் மாற்றினோம், தொல்லை நின்றது.

விளக்குகள் அணையாமல் இருந்தும் நெட் தடுமாறினால், வைஃபையில் இணைந்த லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள். எண் மாறலாம், ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் இருக்கும்.

```
ping -t 192.168.1.1
```

அடுப்பை ஒரு நிமிடம் அணைத்து, ஒரு நிமிடம் போட்டு, மூன்று முறை பாருங்கள். போடும்போது மட்டும், மூன்று முறையும் Request timed out வந்தால் சந்தேகம் உறுதி. அடுத்து வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து அதையே செய்யுங்கள். கேபிளில் சரியாக இருந்தால் கோளாறு வைஃபையில். கேபிளிலும் விட்டுப்போனால் ரவுட்டரிலோ அதன் அடாப்டரிலோ. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லியும் நெட் வரவில்லையென்றால், வெளியிலிருந்து வரும் லைனைப் பாருங்கள்.

மினுக்கும் எல்இடி பல்புக்கும் இதே சோதனைதான். பழைய ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, பல்பின் அருகே கொண்டுபோங்கள். பல்பைப் போட்டதும் 'கர்ர்' என்றால் பல்பு இரைச்சல் எழுப்புகிறது. ஆனால் அது வைஃபையைக் கெடுக்கிறது என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. டெலிபோன் செம்புக் கம்பி வழியே நெட் வாங்குபவர்களுக்குத்தான் அந்த இரைச்சல் அதிகம் தொல்லை. ஃபைபர் கண்ணாடி இழையில் அது ஏறாது.

ரவுட்டரை மாற்றுவதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். பிளக் சுட்டால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கே போவது வைஃபை மட்டுமல்ல.