விபிஎன் போட்டா வரி போயிடுமா?

கம்பைநல்லூர் பையன் ஒருத்தன், வெளிநாட்டு டிசைன் மென்பொருளுக்கு மாதம் 1,000 ரூபாய் சந்தா கட்டுறான்னு வைங்க. அதுக்கு மேல 180 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி. "விபிஎன்ல சிங்கப்பூர்னு காட்டுடா, வரி வராது" என்று யோசனை சொல்ல ஹாஸ்டலில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

வரும். ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 13(12) பிரிவுப்படி, சேவையைப் பெறுபவர் இருக்கும் இடம்தான் வழங்கல் இடம். அவர் இந்தியாவில் இருக்கிறார் என்பதற்கு ஏழு அடையாளங்கள்: தரும முகவரி, பில் முகவரி, கார்டு, பணம் போகும் வங்கிக் கணக்கு, ஐ.பி., சிம்மின் நாட்டுக் குறியீடு, லேண்ட்லைன். ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு பொருந்தினால் போதும். ஐ.பி. சிங்கப்பூர்தான், ஆனா கார்டு இந்திய வங்கியோடது, சிம் +91. முடிஞ்சது கதை. பையனுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாததால், அந்த நிறுவனமே இங்கே பதிவு செய்து வரியைக் கட்டணும். உள்ளூர் மென்பொருளுக்கும் அதே 18% என்பதால் இது நியாயம்தான்.

என் குறை வேறு. இந்த ஏழும் 'இந்தியா' என்று மட்டுமே சொல்லும். எந்த மாநிலம் என்று சொல்லாது. பெங்களூரில் படிக்கிற நம்ம ஊர்ப் பையன் எந்த முகவரியைத் தட்டுறானோ, வரியில் மாநிலப் பங்கு பெரும்பாலும் அங்கேதான் போகும். இரண்டு சான்று விதியை மாநிலத்துக்கும் நீட்டினா என்ன?