இரவு முறையை யார் தீர்மானிப்பது?

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை ஏன் வருகிறது என்று மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் நாம் கொடுக்கும் கொழுந்து தட்டில் ஏறினால் வாடுவதற்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வாடிய கொழுந்து காத்திருக்காது. நள்ளிரவோ விடியற்காலையோ, பதம் வந்தவுடன் அரைக்க வேண்டும், புளிக்க விட வேண்டும், அடுப்பில் காய வைக்க வேண்டும். ஆகவே யாராவது இரவில் ஸ்டோரில் இருந்தே ஆக வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதில்தான் இப்போது சண்டை.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் நெடுங்காலமாக நிரந்தர முறைப் பட்டியல் இருந்தது. பன்னிரண்டு பேர், நால்வராக மூன்று குழுக்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பின்னேரம், ஒரு வாரம் இரவு. அண்மையில் நிர்வாகம் அதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு வசதியான நாட்களை நீங்களே வட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அதன்படி பட்டியல் செய்கிறோம்" என்றது. கேட்கும்போது நல்லதாகத்தான் இருந்தது. எங்களில் சிலரும் கை தட்டினோம்.

முதலில் பழைய முறையின் குறையைச் சொல்லிவிடுவோம். ஞாயிறு நீங்கலாக, நான்கு வாரத்தில் 24 இரவுகள். இரவுக்கு நால்வர் என்றால் 96 முறைகள். பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 8. ஆனால் குழுக்கள் மூன்று, வாரங்கள் நான்கு. அதனால் ஒவ்வொரு நான்கு வாரத்திலும் ஒரு குழுவுக்கு இரண்டு இரவு வாரங்கள் விழும். அவர்களுக்கு 12 இரவு, மற்றவர்களுக்கு 6. 1984 இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் இரவு வேலையில் போட முடியாது, மாதத்தில் 10 இரவுக்கு மேல் போடவும் முடியாது. குழுவில் பெண்கள் இருந்தால் அந்தப் பட்டியலே சட்டத்துக்கு முரண். அத்தோடு, பட்டியலுக்குக் கிளினிக் நாளும் தெரியாது, வீட்டில் படுத்திருக்கும் அம்மாவையும் தெரியாது.

புதிய முறையில் நடந்தது வேறு. போன் கையில் உள்ளவர்களும் டேட்டா உள்ளவர்களும் முதலில் போட்டார்கள். நல்ல நாட்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. போன் இல்லாத அக்கா ஒருவர் மறுநாள் பெரட்டுக்களத்தில்தான் செய்தியை அறிந்தார். மிஞ்சியது யாரும் போடாத சனி இரவுகளும் திருவிழா இரவுகளும். அவற்றை டீமேக்கர் ஐயா தானே நிரப்பினார். எதிர்த்துப் பேசாதவர்களின் பெயர்களே அங்கே திரும்பத் திரும்ப வந்தன. அவர்களில் ஒரு தாயின் பிள்ளை முதலாம் தரத்தில் எங்களிடம் படிக்கிறது. பின்னேர முறை முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு வந்த தாயை மறுநாள் காலை ஆறு மணிக்கு மீண்டும் கூப்பிட்டார்கள். பிள்ளையை எழுப்பி அனுப்ப ஆளில்லை. பள்ளி வரவுப் பதிவேட்டில்தான் நாங்கள் அதை முதலில் கண்டோம்.

ஆகவே எங்கள் கருத்து இது. அடித்தளம் நிரந்தரப் பட்டியலாக இருக்கட்டும். ஆனால் இரவுகளைக் குழுவாக அல்லாமல் ஆளுக்கு எட்டாகப் பிரிக்க வேண்டும். இரவுக்குக் கிடைக்கும் மேலதிகக் காசும் அப்போது சமமாகப் பிரியும். அதன் மேல் ஒவ்வொருவரும் மாதத்துக்கு மூன்று இரவுகளை "முடியாது" என்று குறிக்கலாம். மூன்றுதான். வரம்பில்லாவிட்டால் எல்லோரும் எல்லாச் சனிக்கிழமையையும் குறிப்பார்கள். குறிப்பது போனில் அல்ல, ஸ்டோர் வாசலில் தொங்கும் தாளில். மாதம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு தாளை எடுக்க வேண்டும். முதலில் எழுதினார், கடைசியில் எழுதினார் என்ற பேதம் கிடையாது.

கர்ப்பிணிகளும் கிளினிக் அட்டையில் திகதி உள்ளவர்களும் இந்த மூன்றுக்குள் வரமாட்டார்கள். வீட்டில் மரணம் நேர்ந்தவருக்கும் அப்படித்தான். அவர்களை முதலில் விலக்கிவிட்டே மற்றதைப் பார்க்க வேண்டும்.

இனி மோதல். கோயில் தேர் இரவை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் "முடியாது" என்று குறித்திருக்கிறார்கள். வேண்டியது நால்வர், வர ஒப்புக்கொண்டது இருவர். இன்னும் இருவர் யார்? மூத்தவருக்கு விடுப்பு என்றால் இளையவர் ஆண்டுதோறும் தேரைப் பார்க்கமாட்டார். சீட்டுக் குலுக்கினால் போன வருடம் பொங்கலுக்கு நின்றவருக்கே மறுபடியும் விழலாம். சீட்டுக்கு நினைவில்லை. கொப்பிக்கு நினைவுண்டு.

அதனால் ஒரு கொப்பி போட வேண்டும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, தேர், இவற்றுக்கு முந்திய இரவுகள், இவை "கனத்த இரவுகள்". அவற்றில் நின்றவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. அந்தப் பத்துப் பேரில் ஐவருக்கு இரண்டு கோடு, இருவருக்கு மூன்று, மூவருக்கு ஒன்று என்று வைப்போம். ஒரு கோடு உள்ள மூவரிலிருந்துதான் இருவர் வர வேண்டும். அந்த மூவருக்குள் மட்டும் எல்லோர் முன்னாலும் சீட்டு. வந்த இருவருக்கும் கோடு இரண்டாகிவிடும். சீட்டில் தப்பியவர் ஒரு கோட்டிலேயே இருப்பதால், அடுத்த கனத்த இரவில் ஆள் போதாவிட்டால் முதலில் அவரைத்தான் கேட்போம். தாமாக வந்த இருவருக்கும் கோடு உண்டு. இதில் யாருக்கும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

முறையை மாற்றிக்கொள்ள இருவர் விரும்பினால் மாற்றட்டும். ஆனால் ஒரு நாள் முன்பு இருவரும் கையெழுத்திட வேண்டும். அடுப்பின் சூடு பார்க்கத் தெரிந்தவருக்குப் பதில் தெரியாதவர் வரக்கூடாது. தேயிலை கருகினால் பழி தொழிலாளியின் தலையில்தான் விழும். பின்னேர முறை முடிந்தவரோ இரவு முறை முடிந்தவரோ அடுத்து வரும் காலை முறைக்கு வரக்கூடாது.

கொப்பியை உத்தியோகத்தர் அல்ல, தொழிலாளர் தெரிவு செய்த ஒருவர் வைத்திருக்க வேண்டும். தோட்டத் தலைவரின் சொந்தக்காரராக இல்லாதிருப்பது நல்லது. எங்கள் சங்கத்துக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். மாத முடிவில் அது பெரட்டுக்களத்தில் எல்லோர் கண்ணிலும் படட்டும். ஏமாற்று நடக்கிறதா என்று அறிவது இலகு. இரண்டு மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். விலக்குப் பெற்றவர்களை விட்டுவிட்டால் ஆளுக்கு 16 இரவு வர வேண்டும். ஒருவருக்கு 20, இன்னொருவருக்கு 11 என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எந்தக் கொப்பியும் செய்ய முடியாத ஒன்று உண்டு. அடுப்புப் பார்க்கத் தெரிந்தவர் மூவர் என்றால் 24 இரவும் ஆளுக்கு எட்டாகப் பிரியும். ஒருவர் ஓய்வு பெற்று இருவரானால் ஆளுக்கு 12. அதைத் தொழிலாளிகள் தமக்குள் சரிக்கட்ட முடியாது. புதிய ஆளைப் பழக்குவது நிர்வாகத்தின் கடமை. "நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொல்லும்போது, நம்மிடம் தருவது உரிமையையா, ஆள் பற்றாக்குறையையா என்று முதலில் பார்ப்போம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஸ்டோரில் வேலை செய்பவர்கள் போன மாதத்து முறைப் பட்டியலைக் கொண்டு வாருங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.